கன்டிஞ்சன்சி 10%

ஆனுவல் டே ப்ரொபோசல்ல பட்ஜெட் ஷீட்டோட கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான்: 'கன்டிஞ்சன்சி 10%'. கிளையண்ட் முதல்ல வெட்டுறதும் அதைத்தான்.

போன செமஸ்டர் லீவ்ல ஈவன்ட் கம்பெனி வச்சிருக்கிற ஒரு சீனியர் அண்ணாகிட்ட வேலை பார்த்தேன். ஒரு ஐடி கம்பெனி, 400 பேர். ஹால் 2 லட்சம், சாப்பாடு தலைக்கு 600 வீதம் 2.4 லட்சம், மேடை, எல்இடி வால், சவுண்ட், லைட் சேர்த்து 2.5 லட்சம், ஆங்கர், டான்ஸ் 80 ஆயிரம், போட்டோ, வீடியோ 50 ஆயிரம். மொத்தம் 8.2 லட்சம், ஜிஎஸ்டி தனி. இதுக்கு மேல 82 ஆயிரம் கன்டிஞ்சன்சி.

எச்ஆர் மேடம் அந்த வரியை அடிச்சுட்டாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. எதுக்குன்னே தெரியாத பணத்தை ஃபைனான்ஸ்ல எப்படி பாஸ் பண்ணுவாங்க?

அண்ணா வாதாடல. "பர்சென்ட்டேஜ் போட்டா வெட்டுவாங்கடா. என்ன கெட்டுப்போகும்னு எழுது, அதுக்கு விலை போடு"ன்னார். உட்கார்ந்து எழுதினோம். கரண்ட் போனா: ஜெனரேட்டர், டீசலோட 20 ஆயிரம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும்: ரெண்டு யூபிஎஸ், 4 ஆயிரம். மிக்ஸர் படுத்தா: ஸ்பேர் மிக்ஸர், 3 ஆயிரம். கார்ட்லெஸ் மைக் ரெண்டு, 1,500. கூட்டம் கூடினா: 30 பிளேட், 18 ஆயிரம். மொத்தம் 46,500. மேடம் பிளேட்டை மட்டும் வெட்டிட்டு மீதி 28,500-க்கு ஓகே சொன்னாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது யூபிஎஸ் வரிதான். ஜெனரேட்டர் கணக்கு சிம்பிள். எல்இடி வால், சவுண்ட், லைட் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 30 கிலோவாட். 62.5 கேவிஏ செட், பவர் ஃபேக்டர் 0.8-ன்னா 50 கிலோவாட் தரும், தாராளம். (ஹால் ஏசி இதுல இல்ல, அது ஹால்காரங்க ஜெனரேட்டர்ல.) ஆனா ஸ்டார்ட் ஆகி லோடு மாற பத்துப் பதினஞ்சு செகண்ட் ஆகும். ஆடியன்ஸ் அதைப் பொறுத்துப்பாங்க. பிரச்சினை அதுக்கப்புறம்தான்: டிஜிட்டல் மிக்ஸர், வீடியோ ப்ராசஸர் எல்லாம் ரீபூட் ஆகணும். அந்த ரெண்டு நிமிஷ இருட்டு அமைதியிலதான் ஷோ செத்துப்போகும். இதெல்லாம் குறைவா கரண்ட் இழுக்கிற பொருள்கள், சின்ன யூபிஎஸ் போதும். எல்இடி பேனலையோ ஆம்ப்ளிஃபையரையோ அதுல மாட்டினா உடனே ஓவர்லோடுன்னு கத்தும்.

வெண்டர் லிஸ்ட்லயும் அண்ணா இதே மாதிரி ஒரு காலம் சேர்க்க வச்சார். பேர், போன், அட்வான்ஸ் எல்லாரும் போடுவாங்க. இவர் கேட்டது 'குடோன் எங்க, எந்த வண்டில வருது'ன்னு. போட்டுப் பார்த்தா சவுண்டும் எல்இடியும் வேற வேற வெண்டர், ஆனா ஒரே டெம்போ. ஸ்பேர் மிக்ஸரும் அதே டெம்போலதான் வரப்போகுது! அதை மட்டும் முந்தின நாளே தனி வண்டில ஹாலுக்கு அனுப்பினோம்.

நிகழ்ச்சி அன்னைக்கு 7:20-க்கு, டான்ஸ் நடுவுல கரண்ட் போச்சு. ஸ்பீக்கரும் வாலும் ஆஃப். பசங்க விசிலடிச்சாங்க. பன்னிரண்டு செகண்ட்ல பாட்டு திரும்ப வந்துச்சு, நின்ன இடத்துல இல்ல, பன்னிரண்டு செகண்ட் தள்ளி. லேப்டாப் நிக்கவே இல்லையே. டான்ஸ் டீம் ஒரு ஸ்டெப் தேடிப் பிடிச்சு ஆடிட்டாங்க.

ஸ்பேர் மிக்ஸரை நாங்க பெட்டியை விட்டே வெளிய எடுக்கல. அடுத்த ப்ரொபோசல்லயும் அந்த 3 ஆயிரம் இருக்கு.