கழுத்தில் தொங்கிய அட்டை

திருவிழாவின் மூன்றாம் நாள் சாயங்காலம், பள்ளி உடுப்பைக்கூட மாற்றாமல் மகளைப் பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்தில் தோழியைப் பார்த்தோம். பிள்ளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து, கடை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தாள். எடுத்ததில் எனக்கு ஒன்றும் குறையில்லை. ராத்திரி பார்த்தால் அது அவள் ஃபேஸ்புக்கில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பிள்ளையின் பெயர், வகுப்பு, ரத்த வகை, அதற்குக் கீழே என் செல்போன் எண் எல்லாமே வாசிக்க முடிந்தது.

படத்தில் என் பெயரையும் இணைத்திருந்தாள். அந்த டேகை நீக்கிவிட்டு, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். என் பக்கத்திலிருந்துதான் அது போயிருந்தது. படம் அவள் பக்கத்தில் அப்படியே இருந்தது. போட்டவள்தான் எடுக்க வேண்டும். படத்துக்குக் கீழேயே எழுதினால் ஊர் பார்க்க அவளைக் கண்டித்ததாகிவிடும் என்று போன் செய்தேன்.

"ஏட்டி, பிள்ளை படத்தை எடுத்துருட்டி."

"ஏன், நல்லாத்தான இருக்கு? நம்ம ஆட்கள்தான பாக்காங்க."

"அந்த அட்டையைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாரு."

சற்று நேரம் பேச்சில்லை. "எம்மா, நம்பரே தெரியுதே."

உடனே எடுத்துவிட்டாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்திருந்தாள், அதையும் அழித்தாள். எங்கள் பள்ளித் தோழிகள் குழுவுக்கும் அனுப்பியிருந்தாள். அனுப்பி இரண்டரை நாளுக்குள் என்றால் எல்லாரிடமிருந்தும் அழிக்கலாம் என்பதால் அங்கேயும் போனது. அதற்குள் யாராவது சேமித்து வைத்திருந்தால் அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் "பாத்துப் போடு" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், "பிள்ளை படம் எங்கயும் வேண்டாம், எனக்கு மட்டும் அனுப்பு. என் படம்னா போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளு" என்றேன். "எம் மேல நம்பிக்கை இல்லையாக்கும்" என்று போனை வைத்துவிட்டாள். அது எனக்கு வலித்தது.

இப்படிப்பட்ட பிணக்கு நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 2020-இல் நெதர்லாந்தில் பேரப்பிள்ளைகளின் படங்களை ஃபேஸ்புக்கிலிருந்து எடுக்க மறுத்த ஒரு பாட்டியை, பிள்ளைகளின் தாய் தொடுத்த வழக்கில், எடுத்தே ஆக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ செய்வதை அது விட்டுவிடுகிறது. தோழி தன் பக்கத்தில் போடுவதற்கு அந்தச் சட்டத்தை நம்பிப் போக முடியாது. அந்தத் தாய் நீதிமன்றம் ஏறிய பிறகு அந்தப் பாட்டி வீட்டில் யார் யாரோடு பேசியிருப்பார்கள் என்றும் எனக்கு யோசனை ஓடியது. கேட்பதைத் தவிர எனக்கு வழியில்லை. கேட்டதற்காக வருந்தவும் இல்லை.

ஆகஸ்ட் 5, சப்பரம் பார்க்கப் போனபோது தோழியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் மக்ரூன் பொட்டலம். பிள்ளையைப் படம் எடுத்து, போனைப் பிள்ளையிடமே நீட்டினாள். "சித்தி இதை அம்மாக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம் சித்தி, பல்லு விழுந்துருக்கு."

அழித்துவிட்டு, மறுபடி எடுத்தாள்.