முந்தி நிற்கும் நெடுங்கோடு

வரைபடத்திற் சேமித்த இடங்களைக் கே.எம்.எல். கோப்பாகப் பெற்று விரிதாளுக்கு மாற்றுவோர் முதலில் நோக்கவேண்டியது எண்களின் ஒழுங்கையே. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குரிய பதிவு அக்கோப்பில் இவ்வாறு அமையும்:

```
<coordinates>80.0295,9.6747,0</coordinates>
```

வழக்கில் அகலக்கோட்டையே முதலிற் கூறுவர். கே.எம்.எல். கோப்பிலோ நெடுங்கோடு முதலிலும், அகலக்கோடு அடுத்தும், உயரம் ஈற்றிலும் நிற்கும். குறிகளுக்கு இடைப்பட்ட எண்தொடரைக் கூகுள் விரிதாளின் A2 கலத்தில் இட்டபின், அடுத்த கலத்தில் எழுதும் பின்வரும் வாய்பாடு அதனை மூன்று நிரல்களாகப் பிரிக்கும்:

```
=SPLIT(A2,",")
```

இவற்றுள் முதல் நிரலுக்கு ‘அகலக்கோடு’ என்றும் இரண்டாவதற்கு ‘நெடுங்கோடு’ என்றும் தலைப்பிட்டால், நல்லூர்க் கோயில் ஸ்வால்பார்ட் தீவுகளை அடுத்த ஆட்டிக் கடலிற் சென்று சேரும்.

இப்பிழையைக் கணினி எடுத்துக்காட்டாது. அகலக்கோட்டின் எல்லை 90 பாகை. இலங்கையின் நெடுங்கோடுகளோ 79க்கும் 82க்கும் இடைப்பட்டவை. ஆதலால் இடம்மாறிய எண்ணும் அகலக்கோடாகச் செல்லுபடியாகிறது. தோக்கியோ நகரின் நெடுங்கோடு 139ஐ மீறுவதால், அங்கே இத்தவறு உடனே புலப்படும். இலங்கை இடங்களைத் தொகுப்போருக்கு அக்காவல் இல்லை. எனினும், இத்தீவின் எவ்விடமும் வட அகலக்கோடு 10 பாகையை எட்டுவதில்லை. ஆகவே, அகலக்கோட்டு நிரலின் மிகப் பெரிய எண்ணை நோக்குக. அது 10ஐ விஞ்சின், நிரல்கள் மாறியுள்ளன என்பது தெளிவு.