யாருடைய எண்

ஒரு ஏப்ரல் மாதக் கூட்டத்தில், சேர்க்கைக் குழுவில் என் பெயரையும் போட்டார்கள். "தமிழ்த்துறைதானே, நல்லா எழுதுவீங்க. இந்த வருஷம் இன்ஸ்டாகிராம், வாட்ஸப் எல்லாம் நீங்க பாத்துக்கோங்க" என்றார் முதல்வர். எங்களுடையது தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் மகளிர் கல்லூரி. வரும் பெண்களில் பெரும்பாலோரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போகிறவர்கள். மே மாதத் தொடக்கத்தில் பிளஸ் டூ முடிவு வந்துவிடும். அதிலிருந்து வகுப்பு தொடங்கும்வரை ஏழெட்டு வாரம்தான். அதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாணவிகள் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், பெற்றோர் வாட்ஸப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இருக்கிறார்கள், ஆகவே ஆளுக்கொரு செய்தி என்று முடிவானது. நான் இரண்டு எழுதினேன். மகள்களுக்கு எழுதியதில் வானம், சிறகு, உன் பாதை என்றெல்லாம் வந்தது. அப்பாக்களுக்கு எழுதியதில் இப்படி வந்தது: வளாகம் முழுவதும் கண்காணிப்புக் கேமரா, செல்போனுக்குத் தடை, மாலை நான்கு மணிக்குப் பிறகு வெளியே அனுமதியில்லை. இரண்டையும் எழுதியது ஒரே கை. பதினைந்து வருடமாகப் பெண்ணின் உடலைப் பற்றியும் பூட்டிய கதவுகளைப் பற்றியும் கவிதை எழுதிவரும் கை.

அப்பாக்களுக்கானது நன்றாகப் பரவியது. பரவியது என்றால், வாட்ஸப்பில் குடும்பக் குழு குடும்பக் குழுவாகப் போனது. அந்தக் குழுக்களில் மகள்களும் இருந்தார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஜூன் மாதம் முதலாமாண்டு வகுப்புக்குள் போனபோது ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேம், அப்பாவுக்கு அனுப்புனதுதான் நெசமா, எங்களுக்குப் போட்டதுதான் நெசமா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி பெரிய தவறு என்றுதான் அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரியது அதே வருடம் நடந்திருந்தது.

தரவரிசைப் பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாள் குறித்து மாணவிகளை அழைப்போம். வராதவரின் இடம் அடுத்த எண்ணுக்குப் போகும். வணிகவியலுக்குத் திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை மதியம் அலுவலக போனில் இருந்து வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக எல்லோருக்கும் ஒரே தட்டில் செய்தி அனுப்பினேன். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலும் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் இதற்கு இரண்டு பேர் உட்கார்ந்து நாள் முழுக்க போன் போடுவார்கள்.

வியாழக்கிழமை மதியம் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். பட்டியலில் மேலே இருந்த பெண். இடம் போய்விட்டது. "கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம் டீச்சர், யாரும் கூப்பிடல" என்றார் அம்மா. "வாட்ஸப்பில் அனுப்பினோமே" என்றேன். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஃபார்ம்ல குடுத்தது அண்ணன் நம்பர் மேம்."

அவர்கள் போனபிறகு போனை எடுத்து, அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அதன் விவரத்தைத் திறந்தேன். Delivered to என்ற தலைப்பின் கீழ் யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பெயர் வரும். அந்த அண்ணனின் எண் அதில் இல்லை. இன்னும் பல எண்களும் இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்: பிராட்காஸ்டில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். மற்றவர்களுக்குப் போகாது. அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. நான் சனிக்கிழமை மாலையே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், விடுபட்டவர்களை ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை. ஸ்டோரியோ இருபத்துநான்கு மணி நேரத்தில் தானாக மறைந்திருந்தது. அது இருந்திருந்தாலும் போன் இல்லாத பெண் எதில் பார்ப்பாள்?

வேறு துறையில் இடம் இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். அவர்கள் திரும்பி வரவில்லை.

சேர்க்கை முடிந்தபின் பழைய விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தேன். எங்கள் படிவத்தில் 'தொடர்பு எண்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பாதிக்கும் மேல் அப்பாவின் எண், இல்லையென்றால் அண்ணனின் எண். மாமாவின் எண்கூட இருந்தது. அம்மாவின் எண் அரிது. மாணவியின் எண் அதைவிட அரிது. பெற்றோருக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று என்று நாங்கள் வகுத்த திட்டம் முழுவதும், மாணவியின் கையில் ஒரு போன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நின்றிருந்தது. கல்லூரியில் சேர்ந்தபின் வாங்கித் தருகிறேன் என்பதுதான் பல வீடுகளில் வாக்குறுதி. அதாவது, சேர்வதா இல்லையா என்பது முடிவாகும் அந்த எட்டு வாரமும் அவளுக்கான செய்தி ஓர் ஆணின் சட்டைப்பையில் கிடக்கிறது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம். அவர் லோடு ஏற்றிக்கொண்டிருக்கலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம், மறந்திருக்கலாம். சொல்ல வேண்டாம் என்றும் நினைத்திருக்கலாம். எங்களால் இதில் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்த வருடம் அந்த ஒற்றைக் கட்டத்தை மூன்றாக்கினோம். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எண். வீட்டிலோ பக்கத்திலோ உள்ள ஒரு பெண்ணின் எண். மூன்றாவதாக, 'உனக்குத் தவறாமல் சேதி சொல்லக்கூடிய ஒருவரின் எண்'. இதற்குத்தான் குழுவில் எதிர்ப்பு வந்தது. அப்பாக்கள் தப்பாக நினைப்பார்கள் என்றார்கள். யாரும் நினைக்கவில்லை. பெண்கள் அந்தக் கட்டத்தில் பிளஸ் டூ வகுப்பு ஆசிரியையின் எண்ணை எழுதினார்கள், எதிர்வீட்டு அக்காவின் எண்ணை எழுதினார்கள். ஒருத்தி மளிகைக் கடை எண்ணை எழுதியிருந்தாள்.

படிவம் வாங்கும் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தோம். எங்கள் எண்ணைக் கல்லூரியின் பெயரில் சேமித்துவிட்டு, அங்கேயே நின்று எங்களுக்கு 'வணக்கம்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போகச் சொன்னோம். வணக்கம் வராத எண்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு பிராட்காஸ்ட் இல்லாமல் நேரடியாக போன் போட்டோம். நாள் முழுக்க போன் போடும் அந்த இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். இப்போது அவர்கள் கூப்பிட வேண்டியது சிலரை மட்டும்.

நேரத்தையும் மாற்றினோம். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலை பதினோரு மணிக்கு அனுப்பினால் ஓர் அம்மாவும் பார்க்க மாட்டார். வேலை முடிந்து, குளித்து, உலை வைத்துவிட்டு உட்காரும் நேரம் இரவு எட்டு. அப்போது அனுப்பினோம், எழுத்தாக இல்லாமல் குரலாக. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. "நான் காலேஜுல இருந்து தமிழ் டீச்சர் பேசுறேன்" என்று தொடங்கி, எந்த நாள், எத்தனை மணி, என்னென்ன சான்றிதழ், கையில் எவ்வளவு பணம், திரும்ப எத்தனை மணிக்கு பஸ். படிக்கத் தெரியாத அம்மாவும் அதை இரண்டாம் முறை போட்டுக் கேட்பார். பக்கத்தில் மகளும் கேட்பாள். இரண்டு பேருக்கும் ஒரே செய்தி போனது அப்போதுதான்.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மகள் முன்னால் சொல்ல வெட்கப்படுவதை அப்பாவிடம் சொல்லக் கூடாது. கேமரா, பூட்டு, தடை எல்லாம் போஸ்டரில் இருந்து போயின. அப்பாக்கள் உண்மையில் போன் செய்து கேட்டது வேறு. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், கடைசி பஸ்ஸை விட்டால் என்ன வழி. இதற்குப் பதில் சொன்னால் போதுமாயிருந்தது. எந்த ஊரில் இருந்து எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி பேசிய வீடியோவைத்தான் அந்த வருடம் மகள்களும் அப்பாக்களும் ஒருபோலப் பகிர்ந்தார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றிய செய்தியையும் திருத்தினோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. நான் முதல் வருடம் அதை 'பெற்றோர்களுக்கு நற்செய்தி' என்று எழுதியிருந்தேன். ஓர் அப்பா வந்து தம் வங்கிப் புத்தகத்தை நீட்டினார். தப்பு அவருடையதல்ல. பணம் மாணவியின் கணக்குக்குத்தான் வரும். இப்போது முதல் வரியே அதுதான்: 'உன் பெயரில் கணக்கு இருக்கிறதா?'

எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த இரண்டாம் வருடம் விண்ணப்பித்த பெண்களை வைத்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினேன். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். அண்ணன்களும் மாமாக்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள், நான்தான் சேர்த்திருந்தேன். அன்றிரவே சில பெண்களுக்கு அறிமுகமில்லாத எண்களில் இருந்து 'ஹாய்' வந்தது. ஒரு வீட்டில் போன் பிடுங்கப்பட்டது. காலையில் குழுவைக் கலைத்தேன், ஆனால் எண்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. இப்போது பொது அறிவிப்புக்கு வாட்ஸப் சேனல் மட்டும். அதைப் பின்தொடர்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் நான்தான் தவறு செய்தேன் என்று சொன்னேன். அவள் அம்மா காபி கொடுத்தார். போன் திரும்பக் கிடைத்ததா என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

இந்த மே மாதம் படிவ மேசையில் ஒரு பெண் வெகுநேரம் பேனாவோடு நின்றாள். அப்பா எண் எழுதியாகிவிட்டது. மற்ற இரண்டும் காலி. "அம்மாகிட்ட போன் இல்ல மேம். பக்கத்துலயும் யாரும் அப்படி இல்ல. உங்க நம்பர எழுதிக்கவா?"

எழுதிக்கொள் என்றேன். அவள் ஊர்ப் பெயரைப் பார்த்து, எந்த பஸ் அங்கே நிற்கும் என்று கேட்டுப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அழைப்புச் செய்தி என் போனுக்குத்தானே வரும். அதை யாராவது கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும்.