விலை தாவும் நாள்: பிளாக்-ஷோல்ஸ் குறிப்புகள்

1973-இல் பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் வெளியிட்ட சூத்திரம் ஓர் எண்ணத்தின் மேல் நிற்கிறது. ஆப்ஷனை விற்றவர், பங்கை நொடிக்கு நொடி வாங்கி விற்றே தன் நஷ்டத்தை முழுதும் ஈடுகட்டிவிடலாம் என்பது அது. டிவிடெண்ட் இல்லை, தரகு இல்லை, வட்டி மாறாது என்ற அனுமானங்களை ஓரளவு திருத்திச் சமாளிக்கலாம். விலை தாவாது என்ற அனுமானம் உடைந்தால் ஈடுகட்டும் வழியே அடைபடுகிறது.

*

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பங்கு ₹100. ஒரு மாத புட், ஸ்ட்ரைக் ₹100, ஆண்டு ஏற்ற இறக்கம் 20%, வட்டி பூஜ்யம். 100 பங்குகளுக்கு விற்றால் சூத்திரப்படி பிரீமியம் சுமார் ₹230. டெல்டா ஏறக்குறைய 0.49. ஆகவே 49 பங்குகளை ஷார்ட் செய்து வைக்கிறோம்.

ஒரு நாள் கழிந்தால் ஆப்ஷன் தேய்வதில் நமக்கு ₹5.50 கிடைக்கும். அன்று பங்கு ₹1 நகர்ந்தால், எந்தப் பக்கமானாலும், ஹெட்ஜ் போக ₹3.50 நஷ்டம். ₹1.26 நகர்ந்தால் வரவும் செலவும் சரி. ஆண்டுக்கு 20% என்பது நாளுக்கு 1.26% என்பதால், இந்தச் சமநிலைதான் சூத்திரமே.

இப்போது பங்கு ஒரே தாவலில் ₹80-க்கு விழட்டும். புட்டில் நஷ்டம் ₹1,770. ஷார்ட் செய்த பங்குகளில் லாபம் ₹980. மீதி ₹790 கையை விட்டுப் போகிறது. வாங்கிய பிரீமியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். நடுவில் ₹95, ₹90 என்ற விலைகளில் ஷார்ட்டைக் கூட்டியிருந்தால் தப்பியிருக்கலாம். அந்த விலைகளில் வியாபாரமே நடக்கவில்லை.

*

கற்பனை அல்ல. 1987 அக்டோபர் 19 அன்று எஸ்&பி 500 சுமார் 20% சரிந்தது. மேலே சொன்ன தினசரி அளவில் 16 மடங்கு. சூத்திரத்தின் உலகில் அப்படியொரு நாள் வரவே வராது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பெர்க்லி பேராசிரியர்கள் லேலண்டும் ரூபின்ஸ்டைனும் பரப்பிய ‘போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்’ இந்த ஹெட்ஜ் முறையேதான்: சந்தை இறங்க இறங்க பியூச்சர்ஸை விற்பது. ஒருவர் செய்தால் விலை அசையாது. பெரிய நிதிகள் பலவும் ஒரே நாளில் விற்க வந்தபோது, அந்த விற்பனையே விலையை மேலும் கீழே தள்ளியது. நம் வியாபாரம் விலையைப் பாதிக்காது என்ற அனுமானமும் அன்றே உடைந்தது.

*

1987 சரிவுக்குமுன் எஸ்&பி ஆப்ஷன்களில், எந்த ஸ்ட்ரைக்கின் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ ஒரே ஏற்ற இறக்கம் கிடைக்கும். அதற்குப்பின் கீழ் ஸ்ட்ரைக் புட்களில் அது நிரந்தரமாக உயர்ந்துவிட்டது. நம் ₹100 பங்கில் ஒரு மாத ₹80 ஸ்ட்ரைக் புட்டுக்கு, 20% வைத்தால் சூத்திரம் ஒரு பைசாகூடச் சொல்லாது. 35% வைத்தால் பங்குக்கு நாலு பைசா. சந்தை இரண்டாவது வகை எண்ணைத்தான் எழுதுகிறது.

*

ஆகவே டெல்டாவையும் அப்படியே நம்ப முடியாது. குறியீடு இறங்கும்போது ஏற்ற இறக்கமும் ஏறுவதால், புட் விலை சூத்திரம் சொல்வதைவிட வேகமாக உயரும். குறியீட்டுப் புட் விற்பவர் சூத்திர டெல்டாவைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஷார்ட் வைக்க வேண்டும்.