ஓடிபி கேக்காத திருடன்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. காரணம் அப்பாவோட வங்கிக் கணக்கு. நடந்ததை எழுதிடறேன், உங்க வீட்டுல யாருக்காவது உதவும்.

மதுரையில நம்ம வீட்டு பிராட்பேண்ட் நாலு நாளா மக்கர். அப்பா புகார் குடுத்துட்டு காத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில போன். "சார், உங்க நெட் கம்ப்ளெய்ன்ட் சம்பந்தமா பேசறேன், டெக்னீஷியன்." நல்ல தமிழ், ரொம்ப மரியாதை. அப்பாவோட புகார் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. நாளுக்கு இருநூறு பேருக்குப் போட்டா பத்து பேர் வீட்டுலயாவது நெட் தகராறு இருக்கத்தான் செய்யும். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான்.

"லைனை இங்கிருந்தே செக் பண்ணிடறேன் சார், ஒரு ஆப் மட்டும் போட்டுக்கோங்க"ன்னு சொல்லி, எனிடெஸ்க்கை இறக்க வச்சிருக்கான். அது திருட்டு ஆப் இல்லை. தூரத்துல இருக்கற கம்ப்யூட்டரை சரி பண்ண எங்க ஆபீஸ்லயே பயன்படுத்தற சமாச்சாரம். திறந்ததும் ஒரு எண் தெரியும். அதைக் கேட்டிருக்கான்.

அப்பா உஷார்தான். "ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன் தம்பி"ன்னு சொல்லியிருக்கார். அதுக்கு அவன், "கரெக்ட் சார், யார் கேட்டாலும் சொல்லாதீங்க, எனக்கும் சொல்லாதீங்க. இது ஓடிபி இல்லை, ஆப் நம்பர்." அப்பா அங்கேதான் விழுந்தார். அவன் சொன்னதுல பொய்யும் இல்லை பாருங்க!

அந்த எண் ஒரு முகவரி மாதிரி. அது தெரிஞ்சா மட்டும் யாரும் உள்ளே வந்துட முடியாது. அவன் கதவைத் தட்டுவான், நம்ம போன்ல அனுமதி கேக்கும். கூடவே, திரையில தெரியறது எல்லாம் அந்த ஆப்புக்கும் தெரியும்னு ஆண்ட்ராய்டே ஒரு எச்சரிக்கை காட்டும். "அதுல ஓகே குடுங்க சார்"னான், அப்பா குடுத்துட்டார்.

அப்புறம் "பத்து ரூபாய் சர்வீஸ் சார்ஜ்"னு ஒரு லிங்க். அதுல கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கற மூணு எண் எல்லாத்தையும் அடிச்சார். அவன் அந்தக் கார்டை வச்சு வேற இடத்துல 19,500 ரூபாய்க்குப் போட்டான். ஓடிபி எஸ்எம்எஸ் அப்பா போன் உச்சியில எட்டிப் பார்த்தது. அப்பா யாருகிட்டயும் சொல்லலை. அவனே படிச்சுக்கிட்டான்.

பணம் போன மெசேஜைப் பார்த்ததும் அப்பா கையும் ஓடலை காலும் ஓடலை. போனை அணைச்சு வச்சுட்டு உக்காந்துட்டார். எனக்குச் சொன்னது நாற்பது நிமிஷம் கழிச்சு. "நீ திட்டுவியேன்னுதான்டா..." எனக்குப் பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் வலிச்சுது. போன மாசம்தான் அவர் ஏதோ பார்வேர்டை நம்பினதுக்கு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணியிருந்தேன்.

போனை அணைச்சது நல்லதாப் போச்சு. நெட் அறுந்தா அவன் பார்வையும் அறுந்துடும். ஏரோபிளேன் மோட் போட்டாலும் போதும். வேற போன்லேர்ந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்கினோம், அடுத்து 1930. திருடின பணம் கணக்கு விட்டு கணக்கு தாவிக்கிட்டே இருக்கும். நடுவுல எங்கே மிச்சம் இருக்கோ, அங்கேதான் நிறுத்தி வைக்க முடியும். எங்களுக்கு 6,000 சிக்கியிருக்கறதா சொன்னாங்க. மிச்சம் அந்த நாற்பது நிமிஷத்துல போயிடுச்சு. அப்புறம்தான் ஆப்பை நீக்கினேன். அக்சசிபிலிட்டி செட்டிங்ஸ்ல அதுக்கு ஏதாவது அனுமதி குடுத்திருக்கான்னும் பார்த்தேன். அது குடுத்திருந்தா, பார்க்கறதோட நிக்காம அவனே தொட்டு இயக்கவும் முடியும்.

இதே ஆப் பத்தி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலயே வங்கிகளை எச்சரிச்சிருக்கு. நம்ம வீடு வரைக்கும் அது வந்து சேரலை.

நிஜ டெக்னீஷியன் வியாழக்கிழமை வந்தார். மோடத்துல சிவப்பு விளக்கைப் பார்த்ததும் "பைபர் கட் சார்"னு தெருமுனைக்குப் போய் ஒட்டினார். அப்பா போனைத் தொடவே இல்லை. கேபிள் அறுந்ததுக்கும் போன்ல போடற ஆப்புக்கும் என்ன சம்பந்தம்? போகும்போது, வேலை முடிஞ்சதுக்கு ஒரு கோட் வந்திருக்கும், சொல்லுங்கன்னார். அப்பா பதறிட்டார். எஸ்எம்எஸ்ஸைத் திறந்து படிச்சோம். புகார் எண், புகாரை முடிக்க மட்டும்னு தெளிவா இருந்தது. ஆள் எதிர்ல நிக்கறார், நெட்டும் ஓடுது. சொன்னோம்.

அப்பாகிட்ட இப்ப ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருக்கேன். "என்ன ஆனாலும் முதல் போன் எனக்குப் போடுங்கப்பா, திட்ட மாட்டேன்." நேத்து கூப்பிட்டார். யாரோ சிம் அப்டேட்னு பேசினானாம். "வச்சுட்டேன்டா"ன்னார் :-)