ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

நம் ஊர் செல்போன் கடைகளில் வைத்து ஜிமெயில் திறந்துகொண்டவர்களில் பலர் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். ஆண்டு 1990 அல்லது 2000. கடைத் தம்பிக்கு நேரமில்லை, கடைக்கு வெளியே நாலு பேர் நிற்கிறார்கள், பிறந்த தேதியை யாரும் கேட்பதும் இல்லை. அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள் ஐந்து வயது நிறையாத பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு மே மாதத் தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டதன் தொடர்ச்சி என்றே இதைச் சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. தலைமையாசிரியர் போட்ட தேதியோடு ஒருவர் ரிட்டயர்மென்ட் வரை பிரச்சினையில்லாமல் போய்விடலாம். கடைத் தம்பி போட்ட தேதி, அதை யாராவது நல்லெண்ணத்தோடு திருத்தப் போகும் நாளில்தான் கடிக்கும்.

என் அக்கா மகளுக்கு நடந்தது அதுதான். 2014 ஆகஸ்டில் பிறந்தவள். 2021இல் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு கூகுள் கணக்கு திறந்தபோது திண்டுக்கல்லில் ஒரு கடையில் 01-01-2000 என்று போட்டுவிட்டார்கள். நாலு வருடம் அவள் இருபதைத் தாண்டியவளாகவே இணையத்தில் இருந்தாள். போன மே விடுமுறையில் அக்கா எதற்கோ செட்டிங்ஸைத் துழாவியபோது இது கண்ணில் பட்டிருக்கிறது. உடனே `myaccount.google.com` போய், பர்சனல் இன்ஃபோவில் பிறந்தநாளைச் சரியாக மாற்றிச் சேமித்துவிட்டாள். அடுத்த நிமிடமே அறிவிப்பு வந்துவிட்டது. இந்தக் கணக்கை வைத்திருக்க உங்களுக்கு வயது போதவில்லை, 14 நாட்களுக்குள் ஏதாவது செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.

"ஏன்டா, உண்மையச் சொன்னது ஒரு குத்தமாடா?" என்று ஃபோனில் கேட்டாள்.

குற்றமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் இருக்கும் நிரலுக்கு எழுத்துப்பிழையும் பொய்யும் ஒன்றுதான். பதிமூன்றுக்குக் கீழே ஒரு எண் வந்தால் அது கதவைச் சாத்தும், அவ்வளவே. இந்தப் பதிமூன்று அமெரிக்காவில் 1998இல் இயற்றிய காப்பா சட்டத்திலிருந்து வருகிறது. பதிமூன்று வயது நிறையாத குழந்தையிடம் தகவல் வாங்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம், அதுவும் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது அது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குழந்தை என்றால் பதினெட்டு நிறையாதவர். பெரியவர்களும் இதில் மாட்டியதுண்டு. 2019 மார்ச்சில் ட்விட்டரில், பிறந்த ஆண்டை 2007 என்று மாற்றினால் புதிய வண்ணங்கள் கிடைக்கும் என்றொரு புரளி கிளம்பியது. மாற்றிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பூட்டு.

அக்காவின் பதற்றத்துக்குக் காரணம் ஜிமெயில் இல்லை. அந்தக் கணக்கின் ஃபோட்டோஸில் அப்பா இருந்தார். 2023இல் அவர் போவதற்கு முன்பு பேத்தி எடுத்துத்தள்ளிய வீடியோக்கள். பாக்குமட்டையில் வண்டி செய்வது, பல்செட்டைக் கழற்றிப் பயமுறுத்துவது, பாதி வீடியோவில் அவளுடைய கட்டைவிரல் மட்டும். வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி கிடையாது.

ஆகவே முதலில் செய்தது திருத்தம் அல்ல, பிரதி எடுப்பது. முடக்கும் நாள் வரும்வரை கணக்குக்குள் போக முடியும். `takeout.google.com` போய், எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு ஃபோட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏற்றுமதி கேட்டோம். கோப்பு தயாராகச் சில மணிநேரம் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். தயாரானதும் இறக்கிக்கொள்ளும் இணைப்பு அதே கணக்கின் மெயிலுக்குத்தான் வரும். பதிமூன்றாம் நாள் இதை ஆரம்பிக்கக் கூடாது என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டாம். எங்களுக்கு மறுநாள் காலையில் வந்தது. லேப்டாப்பில் இறக்கி, நாலைந்து வீடியோவை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அக்கா காபி குடித்தாள்.

பிறகு பூட்டு. அறிவிப்பு இரண்டு வழி காட்டும். ஒன்று, எனக்கு வயதாகிவிட்டது என்று நிரூபிப்பது. அதற்கு அரசு அடையாள அட்டையின் படம் அல்லது கிரெடிட் கார்டு. மற்றது, நான் குழந்தைதான் என்று ஒப்புக்கொண்டு பெற்றோரின் மேற்பார்வையில் கணக்கைச் சேர்ப்பது.

அத்தான் முதல் வழிக்கே நின்றார். "என் கார்டு நம்பரப் போட்டா முடிஞ்சுது, எதுக்கு இத்தன சுத்து?" உண்மைதான், முடிந்துவிடும். நிறைய வீடுகளில் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கார்டு அவருடைய வயதைச் சொல்கிறதே தவிர மகளின் வயதை அல்ல. பூட்டு திறக்கும், பத்து வயதுப் பெண் மறுபடி பெரியவளாகப் பதிவாவாள். பெரியவர்களுக்கான விளம்பரம், பெரியவர்களுக்கான வீடியோ எல்லாம் முன்போலவே வரும். கடைத் தம்பி செய்ததை அப்பா கையெழுத்துப் போட்டு உறுதிசெய்வதுபோல. கார்டும் அட்டையும் நிஜமாகவே பதிமூன்றைத் தாண்டியவர், தவறிப்போய் ஆண்டை மாற்றித் தட்டிவிட்டால் அவருக்கான வழி. பதினாறு வயதுப் பையன் 2009க்குப் பதில் 2019 என்று அடித்துவிட்டால் அவனுடைய பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ காட்டலாம். அனுப்புமுன் அட்டையில் இருக்கும் தேதியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் ஆதாரில் ஒன்றும் டிசியில் ஒன்றுமாக இருப்பது சகஜம்.

நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். அதற்குத் தாயோ தந்தையோ தன் சொந்தக் கூகுள் கணக்கோடு வர வேண்டும். அக்காவின் கணக்கைத் திறந்து பார்த்தால் அவளும் 01-01-2000! மகளும் அம்மாவும் இரட்டையர்கள். அவள் எப்படியும் பதினெட்டைத் தாண்டியவள் என்பதால் வழியில் தடை வந்திருக்காது, இருந்தாலும் முதலில் அதைத் திருத்தினோம். பிறகு மகளின் கணக்கில் நுழைந்து, மேற்பார்வை அமைப்பது என்ற தேர்வைத் தொட்டோம். அக்காவின் மெயிலும் கடவுச்சொல்லும் கேட்டது. நீண்ட சம்மதப் பக்கம் ஒன்று வந்தது. அக்கா அதை முழுசாகப் படித்தாள், நான் பார்த்தவரை அதைச் செய்த ஒரே ஆள். கடைசியில் மகளின் கடவுச்சொல்லையும் போட்டு உறுதிசெய்தபோது அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. மெயில் முகவரி அதேதான், படங்களும் அப்படியே இருந்தன. அறிவிப்பு போய்விட்டது.

இதன்பிறகு தேதியில் இன்னொரு பிழை தெரிந்தாலும் பயமில்லை. அக்காவின் ஃபோனில் இருக்கும் ஃபேமிலி லிங்க் செயலியில் மகளின் பெயரைத் தொட்டு, கன்ட்ரோல்ஸ், அக்கவுன்ட் செட்டிங்ஸ், பர்சனல் இன்ஃபோ என்று போனால் பெற்றோரே பிறந்தநாளைத் திருத்தலாம். உண்மையில் குழந்தையின் கணக்கைத் தொடங்கும்போதே இந்தச் செயலி வழியாகத் தொடங்கியிருந்தால் 14 நாள் கெடு என்ற பேச்சே வந்திருக்காது.

விலை கொடுத்தவள் சின்னவள்தான். நாலு வருடம் யூடியூபைப் பெரியவளாக ஆண்டவளுக்கு இப்போது அம்மா தேர்ந்தெடுத்த அளவுக்குத்தான் வீடியோ. கமெண்ட் போட முடியாது, கோலம் போடும் வீடியோவை ஏற்ற முடியாது. புதிதாக ஒரு விளையாட்டை இறக்க வேண்டுமென்றால் அக்காவின் ஃபோனுக்கு அனுமதி கேட்டுப் போகிறது, அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தால் அது அங்கேயே கிடக்கிறது. கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"மாமா, எனக்குப் பதிமூணு எப்ப வரும்?"

"2027 ஆகஸ்ட்."

"இன்னும் ரெண்டு வருஷமா? அந்தக் கடை அண்ணன்கிட்ட மறுபடி போகலாமா?"