விற்றபின் காசு

எங்கள் கடையில் பத்தமடைப் பாய் வைக்கும் அக்கா கேட்டார்: "தீபாவளித் தள்ளுபடி யார் கணக்குல தம்பி?" சரக்கு வைப்பவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது.

1500 ரூபாய் பாய், கமிஷன் 30 சதவீதம் என்று வையுங்கள். கடைக்கு 450, நெய்தவருக்கு 1050. கடை 150 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் அது கடையின் பங்கிலிருந்துதான் போக வேண்டும். எங்கள் கடையில் அப்படித்தான். சில கடைகளில் பாதிப் பாதி. எதுவானாலும் சலானிலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதக் கடைசியில் இருப்பை எண்ணுவோம். பத்துப் பாய் வந்தது, நான்கு விற்றது, ஒன்று திரும்பப் போனது. அலமாரியில் ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் இருக்கிறது என்றால் காணாமல்போனதும் விற்றதாகவே கணக்கு. ஆக ஐந்து பாய்க்கு 5250 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் அக்காவின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். (கரையான் அரித்தாலும் இதே விதிதான். சரக்கு அவருடையது, காவல் எங்களுடையது.)

"விற்றதும் தருகிறோம்" என்று தேதி சொல்லாத கடைக்குச் சரக்கு கொடுக்காதீர்கள்.